எங்கிருந்து அளப்பது?

பள்ளி இயற்பியல் நூலில் குவிலென்ஸ் படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு பக்கமும் புடைத்த கண்ணாடி, அதன் நட்டநடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஒளிக்கதிர் அந்தக் கோடுவரை நேராக வரும், கோட்டில் ஒரே ஒரு முறை திரும்பும், பிறகு குவியத்தை நோக்கிப் போகும். பொருளின் தூரம், பிம்பத்தின் தூரம், குவியத் தொலைவு மூன்றையும் அந்த ஒற்றைக் கோட்டிலிருந்தே அளப்பார்கள். லென்ஸுக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக்கொண்டால் இதில் தவறில்லை. மூக்குக் கண்ணாடி அளவுக்கு மெலிந்த லென்ஸானால் கணக்கும் சரியாகவே வரும்.

ஆனால் நாம் பயன்படுத்தும் லென்ஸ்கள் பலவும் தடித்தவை. கேமரா லென்ஸில் ஐந்தாறு கண்ணாடிகளாவது ஒரு குழலுக்குள் வரிசையாக அமர்ந்திருக்கும். கண்ணுக்குள்ளும் ஒளி கருவிழிப் படலத்தில் ஒருமுறை, விழி லென்ஸில் மறுமுறை என்று பல இடங்களில் வளைந்தே விழித்திரையை அடைகிறது. அப்படியிருக்க, ஒரு கேமரா லென்ஸின் விளிம்பில் ‘50 மி.மீ.’ என்று எழுதியிருந்தால் அந்த ஐம்பது எங்கிருந்து தொடங்குகிறது? முன் கண்ணாடியிலிருந்தா, பின் கண்ணாடியிலிருந்தா, குழலின் நடுவிலிருந்தா? பொதுவாக இந்த மூன்றுமே இல்லை. அது தொடங்கும் இடம் சில லென்ஸ்களில் கண்ணாடியே இல்லாத வெறும் காற்றில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், எத்தனை தடித்த லென்ஸுக்கும் பள்ளியில் படித்த அதே எளிய சூத்திரம் போதும்.

ஒரு லென்ஸை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு பக்கமும் சமமாகப் புடைத்தது. இரண்டு பரப்புகளின் வளைவு ஆரமும் 50 மி.மீ. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5. நடுவில் தடிமன் 15 மி.மீ. அதன் முன்பரப்பிலிருந்து 200 மி.மீ. தள்ளி அச்சின் மேல் ஒரு சிறு விளக்கு இருக்கிறது. பிம்பம் எங்கே விழும்?

நேர்மையான வழி, பரப்பு பரப்பாகப் போவது. முதல் பரப்பைக் கடந்த ஒளி, கண்ணாடி முடிவில்லாமல் நீண்டிருந்தால் அந்தப் பரப்புக்கு 300 மி.மீ. பின்னால் போய்க் குவியும். ஆனால் 15 மி.மீ. போவதற்குள் இரண்டாம் பரப்பு வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் 285 மி.மீ. தூரத்தில் குவியப் போகிற ஒளியை அது இன்னும் வளைக்கிறது. கடைசியில் பிம்பம் விழுவது பின்பரப்பிலிருந்து 65.5 மி.மீ. தூரத்தில். இது சரியான விடை, அச்சுக்கு அருகே போகும் கதிர்களுக்கு.

இப்போது மெல்லிய லென்ஸ் என்று வைத்துப் போடுவோம். அதே வளைவுகளுக்குப் பாடநூல் சூத்திரம் தரும் குவியத் தொலைவு 50 மி.மீ. லென்ஸின் நடுவிலிருந்து விளக்கு 207.5 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. தூரங்களை வெறும் அளவாக எடுத்துக்கொண்டு 1/u + 1/v = 1/f என்று போட்டால், பிம்பம் நடுவிலிருந்து 65.9 மி.மீ., அதாவது பின்பரப்பிலிருந்து 58.4 மி.மீ. தூரத்தில் விழவேண்டும். உண்மைக்கும் இதற்கும் 7 மி.மீ. வித்தியாசம். இந்தக் கணக்கை நம்பித் திரையை வைத்தால் அதில் விளக்கின் பிம்பம் கிடைக்காது, மங்கலான ஒரு வட்டம்தான் கிடைக்கும்.

தவறு குவியத் தொலைவில் இருக்கிறது, அதைத் திருத்தினால் போதும் என்று தோன்றலாம். தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்த லென்ஸின் குவியத் தொலைவு 52.6 மி.மீ. என்று வருகிறது. ஒளி முதல் பரப்பிலிருந்து இரண்டாம் பரப்புக்கு வருவதற்குள் அச்சை நோக்கிச் சற்று இறங்கிவிடுவதால் இரண்டாம் பரப்பால் அதை முழுதாக வளைக்க முடிவதில்லை. அதனால்தான் லென்ஸ் கொஞ்சம் வலு குறைகிறது. சரி, 52.6 என்று வைத்து மறுபடி நடுவிலிருந்து அளப்போம். பிம்பம் பின்பரப்பிலிருந்து 63 மி.மீ. என்று வருகிறது. இன்னமும் 2.5 மி.மீ. பிசகு. குவியத் தொலைவு இப்போது துல்லியம், சூத்திரமும் சரி. எஞ்சியிருக்கும் பிழை அளவுகோலின் சுழியம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்தச் சுழியத்தை எங்கே வைப்பது என்று தெளிவாகச் சொன்னவர் ஜெர்மானியக் கணித மேதை கார்ல் ஃபிரெடரிக் காஸ். கோட்டிங்கன் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த அவர் 1841இல் வெளியான தம் ஒளியியல் ஆய்வில் ஒரு துணிச்சலான முடிவைச் சொன்னார். ஒரே அச்சில் எத்தனை கோளப் பரப்புகள் இருந்தாலும் சரி, அவற்றுக்கிடையே என்ன கண்ணாடி இருந்தாலும் சரி, அச்சை ஒட்டிச் செல்லும் கதிர்களைப் பொறுத்தவரை அந்த முழு அமைப்பையும் இரண்டு கற்பனைத் தளங்களாகச் சுருக்கிவிடலாம். அளக்கும் இடம் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை, அதை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்பதுதான் இதன் உயிர்நாடி. பொருளின் தூரத்தை ஒரு தளத்திலிருந்தும் பிம்பத்தின் தூரத்தை மற்றொரு தளத்திலிருந்தும் அளக்கவேண்டும். இவற்றையே முதன்மைத் தளங்கள் என்கிறோம். தளம் அச்சை வெட்டும் இடம் முதன்மைப் புள்ளி.

இந்தத் தளங்களைத் தாளில் கண்டுபிடிப்பது எளிது. அச்சுக்கு இணையாக ஒரு கதிரை இடப்பக்கத்திலிருந்து லென்ஸுக்குள் அனுப்புங்கள். அது இரண்டு பரப்புகளிலும் வளைந்து வெளியேறி அச்சைக் குவியத்தில் வெட்டும். உள்ளே நடந்ததை மறந்துவிட்டு, உள்ளே வந்த கதிரை நேராக முன்னோக்கி நீட்டுங்கள். வெளியேறிய கதிரை நேராகப் பின்னோக்கி நீட்டுங்கள். இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். ஒளி ஒரே இடத்தில் திரும்பியிருந்தால் எங்கே திரும்பியிருக்குமோ அந்த இடம் அது. அதன் வழியாக அச்சுக்குச் செங்குத்தாகக் கோடு போட்டால் அதுதான் இரண்டாம் முதன்மைத் தளம். அங்கிருந்து குவியம்வரை உள்ள தூரமே குவியத் தொலைவு. அடுத்து, வலப்பக்கத்திலிருந்து இணைக்கதிரை அனுப்பி இதையே செய்தால் முதல் முதன்மைத் தளம் கிடைக்கும்.

இவ்விரு தளங்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. முதல் தளத்தை அச்சிலிருந்து எந்த உயரத்தில் ஒரு கதிர் தொடுகிறதோ, அதே உயரத்தில் இரண்டாம் தளத்திலிருந்து புறப்படும். ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அதனால் படம் வரையும்போது இரண்டு தளங்களுக்கும் இடையிலுள்ள பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு இரு ஓரங்களையும் ஒட்டிவிட்டால், கையில் மிஞ்சுவது பள்ளிப் படத்தில் பார்த்த அதே ஒற்றைக் கோட்டு லென்ஸ்தான். சூத்திரம் அப்படியே பிழைத்துக்கொள்வது இதனால்தான்.

நம் லென்ஸுக்குத் திரும்புவோம். கணக்கிட்டால் முதல் தளம் முன்பரப்பிலிருந்து 5.26 மி.மீ. உள்ளே இருக்கிறது. இரண்டாம் தளம் பின்பரப்பிலிருந்து அதே 5.26 மி.மீ. உள்ளே. விளக்கு முன்பரப்பிலிருந்து 200 மி.மீ. என்பதால் முதல் தளத்திலிருந்து 205.26 மி.மீ. குவியத் தொலைவு 52.63. சூத்திரத்தில் போட்டால் பிம்பம் இரண்டாம் தளத்திலிருந்து 70.78 மி.மீ. அதில் 5.26 கண்ணாடிக்குள்ளேயே போய்விடுகிறது. மிச்சம் 65.5 மி.மீ. பரப்பு பரப்பாகப் போய் வாங்கிய அதே விடை. இரண்டு பரப்புகளுக்கு இது சிறிய சேமிப்பாகத் தோன்றலாம். பன்னிரண்டு பரப்புகள் உள்ள கேமரா லென்ஸில், பொருள் நகரும்போதெல்லாம் பன்னிரண்டு முறை கணக்கிடுவதற்குப் பதில் ஒரு முறை போட்டால் போதும் என்று பாருங்கள், காஸ் செய்த உதவி புரியும்.

இரண்டு தளங்களுக்கும் இடையிலான இடைவெளி இங்கே 4.5 மி.மீ. அளவில் இருக்கிறது. லென்ஸின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சாதாரணக் கண்ணாடியில் செய்த, மிகையாகத் தடிக்காத குவிலென்ஸ்கள் பலவற்றுக்கும் இந்த மூன்றில் ஒன்று என்ற விதி பொருந்தும். தடித்த கண்ணாடிப் பலகையைப் புத்தகத்தின் மேல் வைத்தால் எழுத்துகள் பலகைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு மேலெழுந்து தெரியும். அதே ஒளிவிலகல்தான் இந்த இடைவெளியையும் உண்டாக்குகிறது. எப்போது மெல்லிய லென்ஸ் கணக்கு போதும் என்பதற்கும் இது நல்ல உரைகல். 2 மி.மீ. தடிமனும் 500 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள கண்ணாடியில் இடைவெளி 0.7 மி.மீ.கூட வராது. ஐந்நூறில் அதைப் பொருட்படுத்தவேண்டாம். நம் 15 மி.மீ. லென்ஸில் பொருட்படுத்தியே ஆகவேண்டும்.

அதே 50 மி.மீ. வளைவுகளை வைத்துக்கொண்டு தடிமனை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? 100 மி.மீ. தடிமனில் இரண்டு வளைவுகளும் சேர்ந்து ஒரு முழுக் கண்ணாடிக் கோளம் ஆகிவிடும். குவியத் தொலைவு 75 மி.மீ. இப்போது முதன்மைத் தளங்கள் இரண்டும் கோளத்தின் மையத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்துவிடுகின்றன. இடைவெளி பூச்சியம். இருப்பதிலேயே குண்டான இந்த லென்ஸ், மையத்திலிருந்து அளந்தால் மெல்லிய லென்ஸைப் போலவே நடந்துகொள்கிறது! குவியம் பின்பரப்பிலிருந்து 25 மி.மீ. தூரத்தில் இருக்கும். பரப்பிலிருந்து அளந்தவர் இதை 25 மி.மீ. லென்ஸ் என்பார். ஆனால் பிம்பத்தின் அளவைக் கணக்கிட்டால் 75 என்றுதான் சொல்லும்.

இன்னும் நீட்டி 150 மி.மீ. கண்ணாடித் தண்டாக்கினால் தளங்கள் ஒன்றையொன்று தாண்டி இடம் மாறிவிடுகின்றன. ‘முதல்’ தளம் பின்னாலும் ‘இரண்டாம்’ தளம் முன்னாலும் வந்துவிடும். 300 மி.மீ. வந்ததும் தளங்கள் முடிவிலிக்கே ஓடிவிடும். உள்ளே வரும் இணைக்கதிர்கள் தண்டின் நடுவில் குவிந்து, விரிந்து, மறுபக்கம் இணைக்கதிர்களாகவே வெளியேறும். அப்போது அதற்குக் குவியத் தொலைவு என்று ஒன்றில்லை. தூரப் பொருளைத் தலைகீழாகக் காட்டும், உருப்பெருக்கம் இல்லாத தொலைநோக்கி அது. முதன்மைத் தளக் கணக்கு கைவிடும் ஒரே இடமும் இதுதான்.

தளங்கள் கண்ணாடிக்குள்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் குழிந்த பிறை வடிவ லென்ஸில் அவை புடைத்த பக்கமாக நகர்ந்து கண்ணாடியை விட்டே வெளியேறிவிடும். கேமரா லென்ஸ் வடிவமைப்பவர்கள் இந்த நகர்வை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். நிக்கான் எஃப் வகை எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம்வரை 46.5 மி.மீ. தூரம். இடையில் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆடவேண்டும் என்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். இதில் 24 மி.மீ. அகலக் கோண லென்ஸைப் பொருத்தினால், தொலைவில் உள்ளதைப் படமெடுக்கும்போது இரண்டாம் முதன்மைத் தளம் ஃபிலிமிலிருந்து 24 மி.மீ. முன்னால் இருந்தாகவேண்டும். அதாவது வளையத்துக்கு 22.5 மி.மீ. பின்னால், கண்ணாடி ஆடுகிற அந்த வெற்றிடத்தில். அங்கே ஒரு லென்ஸ் துண்டைக்கூட வைக்க முடியாது. முன்னால் ஒரு குழிலென்ஸ் தொகுதியையும் பின்னால் ஒரு குவிலென்ஸ் தொகுதியையும் வைத்தால் தளம் பின்னோக்கி நகர்ந்து வெறுங்காற்றில் போய் நிற்கும். இந்த வகைக்கு ‘ரெட்ரோஃபோகஸ்’ என்று பெயர். பிரான்சின் ஆங்ஜெனியூ நிறுவனம் 1950இல் கொண்டுவந்த 35 மி.மீ. லென்ஸோடு பிரபலமான பெயர் அது. வரிசையை மாற்றி, குவிலென்ஸை முன்னும் குழிலென்ஸைப் பின்னும் வைத்தால் தளம் முன்னோக்கிப் போய் லென்ஸுக்கு வெளியே, படமெடுக்கப்படும் பொருளின் பக்கம் நிற்கும். குவியத் தொலைவைவிடக் குட்டையான குழலோடு டெலிஃபோட்டோ லென்ஸ் செய்ய முடிவது இப்படித்தான்.

முதன்மைத் தளங்கள் கதிரின் உயரத்தைச் சொல்கின்றன. கதிரின் கோணத்தைச் சொல்ல வேறிரண்டு புள்ளிகள் வேண்டும். மெல்லிய லென்ஸில் மையத்தை நோக்கி வரும் கதிர் வளையாமல் நேராகப் போய்விடும் என்று படித்திருப்போம். தடித்த லென்ஸில் அப்படி ஒரே புள்ளி கிடையாது. ஆனால் அச்சின்மேல் இரண்டு புள்ளிகள் உண்டு. முதல் புள்ளியைக் குறிவைத்து ஒரு கதிர் எந்தச் சாய்வில் வருகிறதோ, அதே சாய்வில் இரண்டாம் புள்ளியிலிருந்து புறப்பட்டதுபோல் வெளியேறும். திசை மாறாது, சற்றே பக்கவாட்டில் விலகியிருக்கும், அவ்வளவுதான். இவை கணுப் புள்ளிகள். கோட்டிங்கனில் காஸிடம் பயின்ற யோகான் பெனடிக்ட் லிஸ்டிங் 1845இல் கண்ணின் ஒளியியலை ஆராய்ந்தபோது இவற்றை நிலைநாட்டினார். லென்ஸின் இருபுறமும் காற்றே இருந்தால் கணுப் புள்ளிகளும் முதன்மைப் புள்ளிகளும் ஒரே இடத்தில் இருக்கும். அதனால் கணுப் புள்ளியைக் கண்டுபிடித்தால் முதன்மைத் தளத்தையும் கண்டுபிடித்ததாகிவிடும்.

இதில்தான் ஓர் அழகான பரிசோதனை இருக்கிறது. தொலைதூர விளக்கு ஒன்றின் பிம்பம் திரையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை அதன் இரண்டாம் கணுப் புள்ளியை அச்சாணியாக வைத்துச் சில பாகை இடமும் வலமும் திருப்பினால் பிம்பம் அசையாது. இரண்டாம் கணுப் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது, வரும் கதிர்களின் திசையும் மாறவில்லை, அதனால் அங்கிருந்து புறப்படும் கதிர் பழைய இடத்திலேயே போய் விழுகிறது. வேறெந்தப் புள்ளியை வைத்துத் திருப்பினாலும் கணுப் புள்ளி பக்கவாட்டில் நகரும், பிம்பமும் அதோடு நகரும்.

இந்தியக் கல்லூரிகளின் பி.எஸ்சி. இயற்பியல் ஆய்வகங்களில் ‘நோடல் ஸ்லைடு’ என்று ஒரு கருவி இருக்கும். அது செய்வது இதைத்தான். ஒளிபெஞ்சின் ஒரு முனையில் விளக்கும் அதன் முன் குறுக்குப் பிளவு கொண்ட தகடும். மறுமுனையில் ஒரு சமதள ஆடி. நடுவில் லென்ஸ். அது ஒரு சிறு தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் நகரும், தண்டவாளமே ஒரு செங்குத்து அச்சில் சுழலும். பிளவிலிருந்து வரும் ஒளி லென்ஸைக் கடந்து ஆடியில் பட்டுத் திரும்பி, மறுபடி லென்ஸைக் கடந்து, பிளவுக்குப் பக்கத்திலேயே தெளிவான பிம்பமாக விழும்படி முதலில் சரிசெய்யவேண்டும். பிறகு தண்டவாளத்தை இலேசாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். பிம்பம் நகர்ந்தால் சுழல் அச்சு கணுப் புள்ளியில் இல்லை என்று பொருள். லென்ஸின் பிளவுப் பக்கம் எந்தத் திசையில் நகர்ந்ததோ அதே திசையில் பிம்பமும் போனால், கணுப் புள்ளி அச்சுக்கும் பிளவுக்கும் இடையில் இருக்கிறது. லென்ஸைத் தண்டவாளத்தில் ஆடியின் பக்கம் சற்றுத் தள்ளவேண்டும். எதிர்த்திசையில் போனால் பிளவின் பக்கம் இழுக்கவேண்டும். ஒவ்வொரு முறை தள்ளிய பிறகும் பிம்பம் மங்கிப்போயிருக்கும். அப்போது தாங்கி முழுவதையும் நகர்த்தி மீண்டும் தெளிவாக்கவேண்டும். இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுவதுதான் மாணவர்களின் அளவு பிசகுவதற்குப் பெரும்பாலும் காரணம். திருப்பினாலும் பிம்பம் அசையாத, அதேசமயம் தெளிவாகவும் இருக்கிற நிலை வந்ததும், பிளவிலிருந்து சுழல் அச்சுவரை உள்ள தூரமே குவியத் தொலைவு. கண்ணாடியின் எந்தப் பரப்பையும் தொட்டு அளக்கவேண்டியதில்லை. குழலுக்குள் எத்தனை லென்ஸ் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்கவேண்டியதில்லை. லென்ஸை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தி மறுபடி செய்தால் அதே குவியத் தொலைவு வரவேண்டும். அதோடு மற்றொரு கணுப் புள்ளியின் இடமும் தெரிந்துவிடும்.

ஆய்வகத்தின் இந்தத் தத்துவத்தை அப்படியே கேமராவாக்கியவர்களும் உண்டு. ஜப்பானில் செய்யப்பட்ட வைட்லக்ஸ் கேமராவில் 26 மி.மீ. லென்ஸ் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சுழன்றுகொண்டே படமெடுக்கும். ஃபிலிம் லென்ஸைச் சுற்றி வில்லாக வளைந்திருக்கும். சுழல் அச்சு இரண்டாம் கணுப் புள்ளியில் இருப்பதால் லென்ஸ் சுழலும்போதும் பிம்பம் ஃபிலிமின்மேல் வழுக்குவதில்லை. அச்சு தவறினால் படம் முழுக்கப் பக்கவாட்டில் இழுபட்டு மங்கும். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடவேண்டும். பல படங்களை எடுத்து ஒட்டிப் பரந்த காட்சி உருவாக்கும் இன்றைய புகைப்படக்காரர்களும் கேமராவை ‘நோடல் பாயின்ட்’டில் வைத்துச் சுழற்றவேண்டும் என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அது அல்ல. அருகிலுள்ள கம்பமும் தொலைவிலுள்ள கட்டடமும் ஒன்றுக்கொன்று நகராமல் இருக்கவேண்டும் என்றால், லென்ஸின் துளை முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது எங்கே தெரிகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் சுழற்றவேண்டும். லென்ஸோடு ஃபிலிமும் சேர்ந்து சுழல்வதும், லென்ஸ் மட்டும் சுழல்வதும் வேறு வேறு.

கணுப் புள்ளிகளும் முதன்மைப் புள்ளிகளும் பிரிந்து நிற்கும் இடம் நம் கண். முன்னால் காற்று, பின்னால் நீரைப் போன்ற திரவம். இருபக்கமும் ஒளிவிலகல் எண் வேறாகும்போது கணுப் புள்ளிகள் அடர்ந்த ஊடகத்தின் பக்கம் நகர்கின்றன. 1911இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் கண் மருத்துவர் ஆல்வர் குல்ஸ்ட்ராண்ட் வகுத்த மாதிரிக் கண்ணில், முதன்மைப் புள்ளிகள் கருவிழிப் படலத்தின் முன்பரப்பிலிருந்து 1.35 மி.மீ., 1.60 மி.மீ. ஆழத்தில் இருக்கின்றன. கணுப் புள்ளிகளோ 7.08 மி.மீ., 7.33 மி.மீ. ஆழத்தில், விழி லென்ஸின் பின்பரப்பை ஒட்டி. விழித்திரையில் ஒரு பொருளின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்று கேட்டால், கண்ணின் முழு நீளமான 24 மி.மீ.-ஐ எடுத்துக்கொள்வது தவறு. இரண்டாம் கணுப் புள்ளியிலிருந்து விழித்திரைவரை உள்ள 17 மி.மீ.தான் கணக்கு. முழுநிலவு வானத்தில் அரைப் பாகை அகலம். 17 மி.மீ. தூரத்தில் அது 0.15 மி.மீ. ஆகிறது. நாம் பார்க்கும் நிலவு விழித்திரையில் இவ்வளவு சிறிய வட்டம்தான். பத்து மீட்டர் தூரத்தில் நிற்கும் 160 செ.மீ. உயர மனிதர் அங்கே 2.7 மி.மீ. உயரம்.

காஸின் தளங்களுக்கு எல்லை உண்டு. அவை அச்சை ஒட்டிச் செல்லும் கதிர்களுக்கு மட்டுமே தட்டையானவை. நம் தடித்த லென்ஸின் ஓரமாக ஒரு கதிரை அனுப்பினால் அது 52.6 மி.மீ.-க்கு முன்பாகவே அச்சை வெட்டிவிடும். உள்வந்ததையும் வெளியேறியதையும் நீட்டிச் சந்திக்க வைத்தால், அந்தச் சந்திப்பும் தளத்தைவிட்டு விலகியிருக்கும். அதனால் இந்த எண்களைச் சோதிக்க விரும்புகிறவர்கள் லென்ஸின் முன் சிறு துளையிட்ட அட்டை ஒன்றை வைத்து, நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தவேண்டும். தேர்ந்த கேமரா லென்ஸ்களில் இந்தத் தளம் உண்மையில் குவியத்தை மையமாகக் கொண்ட ஒரு கோளப் பரப்பாகிவிடுகிறது. ஃபிலிமும் காற்றிலேயே இருக்கும் கேமராவில் எஃப்/0.5-ஐவிட அகன்ற துளையோடு லென்ஸ் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். நிறத்துக்கு நிறம் ஒளிவிலகல் எண் மாறுவதால், நீல ஒளிக்கும் சிவப்பு ஒளிக்கும் தளங்கள் நூலிழை தள்ளியே அமைகின்றன.

மேனிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும் தடித்த லென்ஸ் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். புடைத்த பக்கம் தொலைவிலுள்ள சன்னலைப் பார்க்குமாறு வைத்து, தட்டைப் பரப்பிலிருந்து பிம்பம்வரை மாணவர்களை அளக்கச் சொல்லுங்கள். பிறகு லென்ஸைத் திருப்பி, புடைத்த பரப்பின் உச்சியிலிருந்து பிம்பம்வரை அளக்கச் சொல்லுங்கள். (சூரியனை வைத்துச் செய்யவேண்டாம், கண்ணும் காகிதமும் கருகும்.) லென்ஸின் நடுத் தடிமன் 9 மி.மீ. என்றால் இரண்டாவது அளவு முதலாவதைவிட 6 மி.மீ. கூடுதலாக வரும். லென்ஸ் ஒன்றுதான், குவியத் தொலைவும் ஒன்றுதான். தட்டைப் பக்கத்து முதன்மைத் தளம் பரப்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே இருக்கிறது, மற்றொன்று புடைத்த உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதே வித்தியாசத்துக்குக் காரணம். ஏன் இரண்டு அளவு வருகிறது என்று மாணவர்களே கேட்கும்வரை காத்திருந்து, அதன்பிறகு காஸின் இரண்டு தளங்களைக் கரும்பலகையில் வரையுங்கள்.